மலாயா போன சொந்தத்தைப் பழைய போட்டோ வைத்துத் தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தாத்தாவின் தம்பி 1937-இல் துறையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, தோட்டத்துக்கு ஆள் சேர்த்த ஒரு கங்காணியோடு மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். 1960-களின் தொடக்கத்தில் கடிதம் வருவது நின்றுபோனது. எங்களிடம் மிஞ்சியது அவர் குடும்பத்தோடு எடுத்து அனுப்பிய ஒரு போட்டோவும், அவருடைய பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றும், இரண்டு தபால் உறைகளும்தான். மூன்று வருடம் தேடி, கடைசியில் அவருடைய மகளை மலேசியாவின் கிள்ளானில் கண்டுபிடித்தோம். அதற்குப் பிறகு இதே மாதிரி தேடுகிற பலர் என்னிடம் கேட்ட கேள்விகளும், நான் பட்டுத் தெரிந்துகொண்டதை வைத்துச் சொன்ன பதில்களும் கீழே இருக்கின்றன.

ஒரே ஒரு போட்டோதான் இருக்கு. அதை அப்படியே ஒரு குரூப்ல போட்டா போதாதா?

அவசரப்படாதீர்கள். குரூப்பில் போடுவதற்கு முன்னால் அந்தப் போட்டோவை நீங்கள் வாசித்து முடிக்க வேண்டும். நான் முதல் தடவை எதையும் வாசிக்காமலே அந்தப் பாஸ்போர்ட் அளவுப் படத்தைப் போட்டேன். "இவரைத் தெரியுமா, மலேசியாவில் இருந்தார்" என்று ஒரு வரி. முப்பது பேர் கைகூப்பும் படம் போட்டார்கள், ஐந்தாறு பேர் பகிர்ந்தார்கள், ஒரு தகவலும் வரவில்லை. மலேசியா என்பது ஒரு ஊர் இல்லையே. எந்த மாநிலம், எந்த டவுன், எந்தத் தோட்டம் என்று சொன்னால்தான் ஒருவருக்கு நினைவு கிளம்பும்.

போட்டோவை ஜன்னல் ஓரமாக எடுத்துப் போய், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். 1950-களின் ஸ்டூடியோப் படங்களில் கீழ் மூலையில் மை இல்லாத அழுத்து முத்திரை இருக்கும். நேராகப் பார்த்தால் தெரியாது, சாய்த்தால் எழுத்து நிழல் கட்டி எழும்பும். எங்கள் போட்டோவில் அறுபது வருடமாக யாரும் பார்க்காத ஒரு ஸ்டூடியோ பெயர் அப்படித்தான் வந்தது. அதன் அடியில் ஊர் பெயரில் பாதி மட்டும் இருந்தது. பின்பக்கத்தையும் பாருங்கள். பென்சிலில் எழுதிய நெகட்டிவ் எண், ரப்பர் ஸ்டாம்ப், தேதி என்று ஏதாவது இருக்கலாம்.

போட்டோ பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் உரிக்கவே உரிக்காதீர்கள். முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடிக்கு மேலேயே படம் எடுத்துக்கொள்ளலாம்.

கடிதமெல்லாம் போச்சு. வெறும் உறை மட்டும் கிடக்கு. அதனால பிரயோஜனம் உண்டா?

உறைதான் புதையல். மலாயாவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித் தபால் தலை இருந்தது. 1950-களின் தலைகளில் பெரும்பாலும் அந்தந்தச் சுல்தானின் உருவமும் மாநிலத்தின் பெயரும் இருக்கும்: PERAK, SELANGOR, KEDAH, JOHORE என்று. 1965-இல் வந்த ஆர்க்கிட் பூ வரிசையிலும் 1971-இல் வந்த பட்டாம்பூச்சி வரிசையிலும்கூட மாநிலப் பெயர் உண்டு. ஆக, முகவரி எழுதிய பக்கம் கரையான் அரித்துப் போயிருந்தாலும் தலை ஒட்டியிருந்தால் மாநிலம் பெரும்பாலும் கிடைத்துவிடும். சில தலைகள் நாடு முழுவதற்கும் பொதுவாக வந்தவை. அப்படி இருந்தால் தலைமேல் குத்திய முத்திரையைத்தான் நம்ப வேண்டும்.

எங்கள் உறையில் பேராக் தலை, முத்திரையில் TELOK ANSON. அந்தப் பெயரை இன்றைய வரைபடத்தில் தேடிப் பார்த்தேன், அந்தப் பெயரில் ஊரே இல்லை. 1982-இல் அதன் பெயர் தெலுக் இந்தான் என்று மாறிவிட்டது. இதே மாதிரி, போர்ட் சுவெட்டன்ஹாம் 1972-இல் போர்ட் கிள்ளான் ஆனது. பதிவு எழுதும்போது பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் போடுங்கள். எழுபது வயதுக்காரர் தெலுக் அன்சன் என்றுதான் சொல்லுவார், அவருடைய பேரன் தெலுக் இந்தான் என்றுதான் தேடுவான்.

வீட்டில் பெரியவர்கள் "ரஜூலா கப்பல்ல போனார்" என்று சொல்லுவார்கள். கேட்க நன்றாக இருக்கும், தேடலுக்கு உதவாது. 1926-இல் கட்டிய அந்தக் கப்பல் 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. போனவர்களில் பாதிப்பேரை அந்தப் பெயரோடு சேர்த்துத்தான் சொல்லுவார்கள்.

ஸ்கேனர் இல்ல. போன்ல எடுத்தா போதுமா?

போதும். பிளாஷ் வேண்டாம், வெயில் நேரே விழாத வெளிச்சத்தில், போனை போட்டோவுக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள். ஸ்கேன் செய்ய வசதி கிடைத்தால் 600 டிபிஐ வைத்துச் செய்யச் சொல்லுங்கள். அழகு செயலிகளில் போட்டு முகத்தை மெருகேற்றுவது மட்டும் வேண்டாம். மரு, தழும்பு, காது மடல் இதையெல்லாம் பார்த்துத்தான் வயதானவர்கள் அடையாளம் சொல்லுவார்கள், செயலி அதைத்தான் முதலில் அழிக்கும்.

ஒரு எச்சரிக்கை. போன் எடுக்கும் படத்துக்குள் எடுத்த இடத்தின் குறிப்பும் ஒளிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும். தெளிவு குறையக் கூடாது என்று டாக்குமெண்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும், உங்கள் வீடு எங்கே என்பதும் கூடவே போகும். கேமராவில் லொகேஷனை அணைத்துவிட்டு எடுப்பது சுலபம்.

போட்டோவை முழுசா போடலாமா, வெட்டிப் போடணுமா?

வெட்டித்தான் போட வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவு வைத்துக்கொள்வேன் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் போட்டோவில் ஐந்து பேர். சின்னத் தாத்தா நாற்காலியில், பக்கத்தில் சின்னப் பாட்டி, பின்னால் இரண்டு பையன்கள், முன்னால் ஸ்டூலில் ஒரு பெண் குழந்தை, கையில் ஒரு துணிப் பொம்மை. இரண்டாம் முறை பதிவு போட்டபோது சின்னத் தாத்தாவின் தலையிலிருந்து மார்பு வரைக்கும் மட்டும் வெட்டிப் போட்டேன். மற்ற நால்வரும் இருப்பதாகவே எழுதவில்லை.

காரணம் இதுதான். அந்தக் காலத்தில் ஸ்டூடியோவுக்குப் போகிறவர்கள் இரண்டு மூன்று பிரதி போடுவார்கள். ஒன்று ஊருக்கு வரும், ஒன்று அங்கே வீட்டுச் சுவரில் தொங்கும். உண்மையான குடும்பத்திடம் மீதிப் படம் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பிரதி இல்லாவிட்டாலும், அதில் யார் யார் இருந்தார்கள் என்பது பேச்சில் இருக்கும். புளுகுகிறவரிடம் நீங்கள் வெளியிட்ட துண்டுதான் இருக்கும். முழுப் படத்தையும் ஒரே ஒரு தடவை பொதுவில் போட்டுவிட்டால் இந்தச் சோதனை கைவிட்டுப் போனது போனதுதான். நான் முதல் தடவை போட்ட பதிவில் நல்லவேளையாக இதைப் போடாமல் அந்தப் பாஸ்போர்ட் அளவுப் படத்தைப் போட்டிருந்தேன். அதனால் பிழைத்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பெண் குழந்தை இன்றைக்கு உயிரோடு இருக்கும் ஒரு அம்மா. அவருடைய முகத்தை நாலாயிரம் பேர் இருக்கும் குரூப்பில் போட அவரிடம் நாம் கேட்கவில்லை.

எந்த குரூப்ல போடறது? ஆயிரக்கணக்குல இருக்கே.

பெரிய குரூப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். இரண்டு லட்சம் பேர் இருக்கும் "உலகத் தமிழர்" வகைக் குழுக்களில் உங்கள் பதிவு ஒரு மணி நேரத்தில் கீழே போய்விடும். சிறியதாக, ஊர் பெயரோடு இருக்கும் குழுக்களே பலன் தருபவை.

அதில் முதலிடம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளின் முன்னாள் மாணவர் குழுக்களுக்கு. பால்மரம் என்கிற ரப்பர்த் தோட்டங்கள் பலவும் துண்டாடி விற்கப்பட்டன, அப்புறம் பாமாயில் தரும் செம்பனையாகவோ வீட்டுமனையாகவோ மாறிவிட்டன. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் டவுன் ஓரத்தில் தாமான் என்கிற குடியிருப்புகளுக்குச் சிதறிப் போனார்கள். ஆனால் பள்ளியின் பெயரில் தோட்டத்தின் பெயர் நின்றுவிட்டது. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர் SJK(T) என்று தொடங்கும். தோட்டப் பள்ளியாக இருந்தால் அடுத்து Ladang என்று வரும், மலாய் மொழியில் தோட்டம் என்று பொருள். அதற்கு அடுத்து வருவதுதான் தோட்டத்தின் பெயர். தோட்டமே இல்லாமல் போன இடத்திலும், பள்ளி வேறு இடத்துக்கு மாறிய பின்னும் இந்தப் பெயர் அப்படியே இருப்பதைப் பார்க்கலாம். SJK(T) Ladang என்று அடித்து டவுன் பெயரைச் சேர்த்துத் தேடுங்கள்.

அடுத்தது தோட்டத்து மாரியம்மன் கோயில். தோட்டம் போனாலும் திருவிழாவுக்கு வருடா வருடம் பழைய ஆட்கள் திரும்பி வருகிற கோயில்கள் நிறைய. அந்தக் கோயில் நிர்வாகக் குழுவில் தோட்டக் கணக்கரான கிராணியார் வீட்டுப் பிள்ளையோ வேலையாட்களை மேய்த்த தண்டல் வீட்டுப் பிள்ளையோ ஒருவர் இருப்பார், யார் வீடு எந்த லயத்தில் இருந்தது என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரியும்.

தோட்டத்தின் பெயரில் ஒரு சிக்கல். ஆவணத்தில் வெள்ளைக்காரன் வைத்த பெயர் இருக்கும், நம் ஆட்கள் தமிழில் வேறு பெயர் வைத்துக் கூப்பிட்டிருப்பார்கள். உங்கள் பாட்டி சொல்லும் பெயர் வரைபடத்தில் இல்லையென்றால் பாட்டி தப்பாகச் சொல்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள். அந்தப் பெயரை ஒலிக்கிற மாதிரியே பதிவில் எழுதுங்கள். தோட்டத்தில் பிறந்தவர் உடனே பிடித்துக்கொள்வார்.

குழுவில் சேர்ந்த அன்றே பதிவு போடாமல், அட்மினுக்கு ஒரு செய்தி அனுப்பி அனுமதி கேளுங்கள். அனுமதியோடு போட்ட பதிவை அவரே மேலே பின் செய்து வைப்பார்.

பேரை எப்படி எழுதறது? தேடினா ஒண்ணும் வரமாட்டேங்குது.

நம் எழுத்துக்கூட்டலில் தேடினால் வராது. மலேசியாவில் பெயரைப் பதிந்தவர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். லட்சுமி அங்கே Letchumy அல்லது Letchimi, லட்சுமணன் Letchumanan, சின்னையா Sinniah, கருப்பையா Karupiah அல்லது Karuppiah, முனியாண்டி Muniandy. ஒரு பெயருக்கு நான்கைந்து எழுத்துக்கூட்டல் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

அங்கே இனிஷியல் வழக்கம் குறைவு. ஆணுக்கு a/l, பெண்ணுக்கு a/p என்று போட்டு அதன்பின் அப்பா பெயர் வரும். இது நமக்கு வசதி. உங்கள் சின்னத் தாத்தா கருப்பையா என்றால் அவருடைய பிள்ளைகளின் பெயர்களில் a/l Karupiah அல்லது a/p Karupiah என்று இருக்கும். அவர் இறந்து முப்பது வருடம் ஆகியிருந்தாலும் அவருடைய பெயர் பிள்ளைகளின் பெயரோடு நடமாடிக்கொண்டிருக்கும். கல்யாணம் ஆனாலும் பெண்ணின் அப்பா பெயர் அடையாள அட்டையில் மாறாது. பேரன் பேத்தி தலைமுறைக்கு வந்தால்தான் அந்தப் பெயர் மறைகிறது.

பதிவுல என்ன எழுதணும்? எதை எழுதக் கூடாது?

நான் இரண்டாம் முறை போட்டது ஏறத்தாழ இப்படி இருந்தது:

"படத்தில் இருப்பவர் 1937-இல் திருச்சி மாவட்டம் துறையூர்ப் பக்கத்திலிருந்து மலாயா சென்றவர். 1960 வாக்கில் பேராக், தெலுக் அன்சன், இன்றைய தெலுக் இந்தான் அருகே ஒரு தோட்டத்தில் வேலை பார்த்தார். அவருடைய அண்ணன் குடும்பத்தார் நலம் விசாரிக்கத் தேடுகிறோம். பணம், சொத்து சம்பந்தமான விஷயம் எதுவும் இல்லை. இவரையோ இவர் வேலை பார்த்த தோட்டத்தையோ தெரிந்தவர்கள் கமெண்டில் எழுத வேண்டாம், கீழே உள்ள மின்னஞ்சலுக்கு எழுதுங்கள்."

இவ்வளவுதான். அவர் பெயரும் எழுதினேன். இதோடு எளிய ஆங்கிலத்திலும் அதையே எழுதுங்கள். அங்கே இளைய தலைமுறையில் தமிழ் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள், போனைக் கையில் வைத்திருப்பவர்களும் அவர்கள்தான். தேடுவதற்கென்றே ஒரு தனி மின்னஞ்சல் தொடங்குங்கள். என் சொந்தக் கைப்பேசி எண்ணை முதல் பதிவில் போட்டுவிட்டு, லாட்டரி விழுந்திருக்கிறது என்று மூன்று மாதம் இரவும் பகலுமாக அழைப்பு வந்தது.

எழுதாமல் வைக்க வேண்டியவை என்று பார்த்தால்: அவருடைய அம்மா பெயர், குலதெய்வம், ஊரில் கூப்பிட்ட செல்லப் பெயர், போட்டோவின் பின்பக்கத்து எழுத்து. இவை பிறகு சோதிக்கத் தேவைப்படும். சாதியைப் போட்டுத் தேடுகிறவர்களைப் பார்க்கிறேன். வேண்டாம், அது புளுகுகிறவருக்குக் கூடுதல் துப்பு, மற்றபடி வீண் வம்பு.

அங்கே உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி தெரிந்திருந்தாலும் போடாதீர்கள். மலேசிய அடையாள அட்டை எண்ணுக்கு 12 இலக்கம். முதல் 6 பிறந்த தேதி, அடுத்த 2 பிறந்த இடத்துக்கான குறியீடு. தேதியையும் மாநிலத்தையும் நீங்களே சொல்லிவிட்டால் எட்டு இலக்கத்தை எடுத்துக் கொடுத்த மாதிரி. பாசத்தில் "அத்தைக்கு இன்ன தேதி பிறந்தநாள்" என்று எழுதிவிடுவோம், கஷ்டப்படப்போவது அத்தை.

போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. ஒருத்தரும் பதில் போடல.

பதில் வந்து, நீங்கள் பார்க்காமல் இருக்கலாம். பேஸ்புக்கில் நண்பர் அல்லாதவர் அனுப்பும் செய்தி நேராக வராது. மெசஞ்சரில் Message requests என்ற தனி அறையில் கிடக்கும், அதற்குள்ளேயே Spam என்று இன்னொரு பகுதியும் இருக்கும். மணி அடிக்காது. என் விஷயத்தில் ஒரு பெரியவர், தாம் அந்தத் தோட்டத்தில் பால் வெட்டியதாகவும் லயத்து ஆட்கள் பலர் கிள்ளான் பக்கம் போனதாகவும் எழுதியிருந்தார். ஏழு மாதம் கழித்துத்தான் பார்த்தேன். அவருக்கு எண்பது தாண்டியிருந்தது. நான் பதில் எழுதியபோது அவருடைய மகன்தான் படித்துக் காட்டினார். வாரம் ஒரு தடவை அந்த அறையைத் திறந்து பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் இன்னொரு கோளாறு. படம் கைமாறிக் கைமாறிப் போகும்போது கூடவே எழுதிய வாசகம் கழன்றுவிடும், வெறும் முகம் மட்டும் சுற்றும். அதனால் படத்தின் அடியிலேயே ஒரு வெள்ளைப் பட்டை சேர்த்து, ஊர், வருடம், மின்னஞ்சல், பதிவிட்ட மாதம் நான்கையும் அதற்குள் எழுதிவிடுங்கள்.

மறுபடி போடுவதாக இருந்தால் புதுத் தகவல் ஒன்றோடு போடுங்கள். நான் அந்த ஸ்டூடியோ முத்திரையை மட்டும் பெரிதாக்கி, "இந்த ஸ்டூடியோ எந்தத் தெருவில் இருந்தது?" என்று கேட்டேன். ஆளைத் தெரியாதவர்கள்கூடக் கடையைத் தெரிந்திருந்தார்கள். பேச்சு ஸ்டூடியோவில் தொடங்கித் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

"அவர் எங்க தாத்தாதான்"னு ஒருத்தர் சொல்றார். எப்படி நம்பறது?

அவரைப் பேசவிடுங்கள், நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். "உங்க அம்மா பேரு இதுதானே?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "உங்கள் வீட்டில் அவருடைய பழைய படம் ஏதாவது உண்டா? அதில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

எனக்கு இரண்டு பேர் வந்தார்கள். முதலாமவர் உற்சாகமாகப் பேசினார். முழுப் போட்டோவை அனுப்பினால் வீட்டில் காட்டி உறுதி செய்கிறேன் என்றார். நான் உங்கள் படத்தை முதலில் அனுப்புங்கள் என்றேன். வெள்ளத்தில் போய்விட்டது என்றார். யார் இருந்தார்கள் என்றேன். "தாத்தா, பாட்டி, ரெண்டு பிள்ளைங்க" என்றார். எந்தக் குடும்பப் படத்துக்கும் பொருந்துகிற பதில். குலதெய்வம் கேட்டேன், முருகன் என்றார். அதோடு நிறுத்திக்கொண்டேன். உண்மையிலேயே வெள்ளத்தில் படத்தை இழந்தவர்களும் இருப்பார்கள் என்பதால் ஒரு பதில் தப்பானதும் ஆளைத் துரத்த வேண்டாம், மூன்று கேள்வியாவது கேளுங்கள். மூன்றும் மழுப்பலாக இருந்தால் போதும்.

இரண்டாமவர் ஒரு பெண், நாற்பத்தைந்து வயது இருக்கும். அவர் முழுப் படம் கேட்கவே இல்லை. "எங்க வீட்டுல இதே படம் பெருசா இருக்கு. முன்னாடி எங்க அம்மா ஸ்டூல்ல உக்காந்திருப்பாங்க, கையில துணிப் பொம்மை. அழுகைய நிறுத்தறதுக்கு ஸ்டூடியோக்காரர் குடுத்த பொம்மையாம் அது. படம் எடுத்ததும் திரும்ப வாங்கிக்கிட்டாராம், அம்மா இன்னும் அதைச் சொல்லுவாங்க" என்று எழுதியிருந்தார். பொம்மையைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. செல்லப் பெயர் அவருக்குத் தெரியவில்லை, ஆனால் குலதெய்வத்தின் பெயரை ஊரோடு சேர்த்துச் சொன்னார். வெளிநாடு போன குடும்பங்களில் ஊர் பெயர் மறந்தாலும் குலதெய்வத்தின் பெயர் தங்கிவிடுகிறது. நான் பேசிப்பார்த்த குடும்பங்களில் அப்படித்தான்.

அப்புறம் வீடியோவில் பேசினோம். அவருடைய அம்மா, எனக்கு அத்தை முறை, திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "அப்பா மூக்கு" என்றார்.

உதவி பண்றேன்னு சொல்லிப் பணம் கேக்கறாங்க. கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். தேசியப் பதிவிலாகாவில் ஆள் இருக்கிறது, இவ்வளவு ரிங்கிட் கொடுத்தால் அவருடைய பதிவை எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் எனக்கும் எழுதினார். மற்றவருடைய அடையாளப் பதிவை அப்படிப் பின்வாசலில் எடுப்பது குற்றம். அவர் அனுப்பும் காகிதம் உண்மையா என்று சோதிக்கவும் உங்களுக்கு வழியில்லை. எண் +60 என்று தொடங்குவதாலேயே ஆள் மலேசியாவில் இருக்கிறார் என்றும் நம்ப வேண்டாம்.

சொந்தக்காரர் என்று சொல்லி வருகிறவர்களிடம் பாதை வேறு. முதல் வாரம் பாசம், இரண்டாம் வாரம் பார்சல் அனுப்பியிருக்கிறேன், மூன்றாம் வாரம் பார்சல் சுங்கத்தில் மாட்டிக்கொண்டது, பணம் கட்டு. அல்லது திடீரென்று ஆஸ்பத்திரிச் செலவு. "குடும்ப குரூப்ல சேர்க்கிறேன், உங்களுக்கு வந்த ஆறு இலக்க எண்ணைச் சொல்லுங்க" என்றால் அது உங்கள் வாட்ஸ்அப்பையே பிடுங்குவதற்கான எண். குரூப்பில் சேர்க்க எந்த எண்ணும் தேவைப்படாது.

ஆதார், பாஸ்போர்ட், பட்டா, வாரிசுச் சான்றிதழ் எதையும் அடையாளம் காட்டுவதற்காகப் படமெடுத்து அனுப்பாதீர்கள். சொந்தம் என்பதற்கு துணிப் பொம்மை போதுமானதாக இருந்தது.

அவருக்கு அங்கே இன்னொரு குடும்பம் இருந்திருக்குமோன்னு பயமா இருக்கு. கேக்கலாமா?

இருந்திருக்கலாம். இங்கே மனைவியை விட்டுப் போய் அங்கே இன்னொரு கல்யாணம் செய்தவர்கள் நிறைய. அந்தப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு குடும்பம் இருப்பதே தெரியாமல் இருக்கும். அதனால் பொதுப் பதிவில் "மனைவியையும் மகளையும் விட்டுச் சென்றவர்" என்று எழுதவே கூடாது. அதை அவருடைய பேத்தி அவளுடைய அலுவலக நண்பர்களோடு சேர்ந்து படிப்பாள். "உறவினர்" என்று மட்டும் எழுதுங்கள். மீதியைத் தனியாக, அந்தக் குடும்பத்தில் வயதில் மூத்தவர் ஒருவரிடம் மெதுவாகச் சொல்லலாம்.

இரண்டு பக்கமும் ஒரே பயம்தான். அவர்களுக்கு, இந்தியாவிலிருந்து பணம் கேட்டு வருகிறார்கள் என்று. இங்கே நம் வீட்டிலேயே சிலருக்கு, நிலத்தில் பங்கு கேட்டு வந்துவிடுவார்களோ என்று. என் சித்தப்பா இந்தக் காரணத்துக்காகவே ஒரு வருடம் உறைகளைக் கொடுக்க மறுத்தார். உண்மையிலேயே பிரியாத பூர்வீகச் சொத்து இருந்தால், "சொத்து விஷயம் இல்லை" என்று பதிவில் போடாதீர்கள். பொய்யில் ஆரம்பிக்க வேண்டாம். பேசாமல் விட்டுவிடுங்கள், வக்கீலிடம் கேட்ட பிறகு நேரில் பேசிக்கொள்ளலாம்.

கண்டுபிடித்தபின் அவர்கள் பேச விரும்பவில்லை என்றால், உங்கள் முகவரியையும் போட்டோவின் ஒரு பிரதியையும் அனுப்பி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். நடுவில் இருப்பவர்களிடம் எண் கேட்டுத் துரத்த வேண்டாம். எண் தெரிந்தவரும் அதை உங்களிடம் தரக் கூடாது, உங்கள் எண்ணை அவர்களிடம் கொடுப்பதுதான் முறை.

1942-க்கு அப்புறம் எங்க பெரிய தாத்தாகிட்டேயிருந்து தகவலே இல்ல. இந்த வழி பலிக்குமா?

அந்த வருடத்தைக் கேட்டாலே எனக்கு மனது கனத்துவிடும். ஜப்பானியர் மலாயாவைப் பிடித்த பிறகு, 1942, 43-இல் சயாம் பர்மா ரயில்பாதை போடத் தோட்டத்துத் தமிழர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் சரியாக இல்லை. அதே பாதையில் வேலை செய்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம் ஆட்களுக்கு அப்படி இல்லை.

அதனால் அவரைத் தேடாமல், அவரோடு அதே தோட்டத்தில் இருந்த மற்றக் குடும்பங்களைத் தேடுங்கள். போட்டோவை அந்தத் தோட்டத்தின் பள்ளிக் குழுவில் போட்டு, "சயாமுக்குப் போனவர்களில் இவர் இருந்தாரா?" என்று கேளுங்கள். திரும்பி வந்தவர்கள் சொன்ன பெயர்களை அவர்களுடைய பிள்ளைகள் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஒருவர் அப்படித் தம் பெரிய தாத்தா எந்த முகாமில் இறந்தார் என்பது வரை கேட்டுத் தெரிந்துகொண்டு ஊரில் திதி கொடுத்தார்.

கிடைச்சுட்டாங்க! பழைய பதிவையெல்லாம் என்ன செய்யறது?

முதலில் அவர்களிடம் கேளுங்கள், குழுவில் சொல்லலாமா என்று. எங்கள் அத்தை, கிடைத்த செய்தியை மட்டும் சொல், என் படத்தைப் போடாதே என்றார். அப்படியே செய்தேன். போட்ட குழுக்களின் பெயரைத் தொடக்கத்திலிருந்தே ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைத்திருந்தால் இந்த வேலை அரை மணி நேரம். நான் எழுதி வைக்காததால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. ஒவ்வொரு பதிவிலும் "குடும்பம் கிடைத்துவிட்டது, நன்றி" என்று மேலே சேர்த்து, படத்தை எடுத்துவிடுங்கள். தகவல் சொன்ன பெரியவர்களுக்குத் தனியாகச் சொல்லுங்கள், குழுவில் சொன்ன நன்றியை அவர்கள் பார்க்கமாட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் போனதைத் திரும்ப எடுக்க முடியாது. படத்தின் அடியில் மாதம், வருடம் எழுதச் சொன்னது இதற்காகவும்தான். எங்கள் சின்னத் தாத்தாவின் முகம் போன தீபாவளிக்குக்கூடத் தெரியாத ஒரு குரூப்பிலிருந்து எனக்கே திரும்பி வந்தது. அந்தத் தேடல் மின்னஞ்சலை நான் இன்னும் மூடவில்லை. தெலுக் இந்தான் பக்கத்திலிருந்து மாதம் ஒருவராவது எழுதுகிறார்கள், அநேகமாக அவர்களும் யாரையாவது தேடுகிறவர்களாக இருக்கிறார்கள்.